எட்டாவது வீட்டுப் படகு

முதல் விசாரணையில் மூன்று பேர் இருந்தோம். நான், தொற்றுக் கட்டுப்பாடு என்ற பாடத்தின் ஒருங்கிணைப்பாளர், மூலையில் மடிக்கணினியோடு குறிப்பெடுத்த ஒரு பெண். என் நண்பன் இல்லை. வெரிபீ என்ற புறநகரில் எங்கள் வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்து, என்னோடு ஒரே ரயிலில் வந்து, ஒரே தாதியர் படிப்பைப் படித்தவன் அவன். அவனுக்கு நாற்பது நிமிடம் கழித்து நேரம் கொடுத்திருந்தார்கள். நான் வெளியேறும் கதவும் அவன் உள்ளே வரும் கதவும் வேறு வேறாக இருந்ததை அப்போது தற்செயல் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதத்தையே நான் வீட்டில் காட்டவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குக் கையெழுத்து வரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து அதற்கு மேலும் போன முதல் ஆள் நான். அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எல்லோருக்கும் அது தெரியும். நான் அந்தப் பாடத்தில் தோற்றால் அடுத்த மாதம் தொடங்கும் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக முடியாது. ஏமாற்றித் தோற்றேன் என்று பதிவானால் படிப்பே போய்விடலாம். நண்பன் மதுரையிலிருந்து மாணவர் விசாவில் வந்தவன். அவனுக்குப் படிப்போடு நாடும் போய்விடும்.

ஒருங்கிணைப்பாளர் மேசையில் நான்கு தாள்களைப் பரப்பி வைத்தார். நானும் அவனும் எழுதிய இரண்டு விடைத்தாள்கள், இரண்டு வரைவுத்தாள்கள். வரைவுத்தாள்களில் ஒன்றிலிருந்து அறுபது வரை எண்கள் இருந்தன. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் எழுதியிருந்தது: கோழி, ஊஞ்சல், பச்சைக் கைப்பிடி, கொசு. இரண்டு தாளிலும் ஏறக்குறைய அதே சொற்கள், அதே வரிசை.

"இது என்ன மொழி?" என்று கேட்டார்.

"தமிழ்."

"ஏன் இரண்டு தாளிலும் ஒரே குறியீடு?"

அது குறியீடு இல்லை, தெரு என்று சொன்னேன். அவர் குறிப்பெடுக்கும் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் 'தெரு' என்பதை எப்படி எழுதுவது என்று யோசித்தது போல விசைப்பலகையில் கையை நிறுத்தி வைத்திருந்தார்.

அந்தப் பாடத்துக்கு அறுபது கலைச்சொற்களின் வரைவிலக்கணங்கள் இருந்தன. புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். கருத்து தெரிந்தால் போதாது. எந்தெந்த அம்சங்கள் இருக்க வேண்டுமோ அவை எல்லாம் இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது. முதல் பயிற்சித் தேர்வில் நான் பாதியைக் கோட்டை விட்டேன். நண்பனும் அப்படித்தான். வரைவிலக்கணங்களை வாய்விட்டு நூறு தடவை சொல்லிப் பார்த்தும் இருபதாவதுக்கு மேல் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பியது. நினைவு வீதி என்ற முறையை ஒரு காணொளியில் பார்த்துவிட்டு அவன்தான் வந்தான்.

"மச்சி, நமக்குத் தெரிஞ்ச தெரு ஒண்ணு வேணும். கண்ண மூடுனா வீடு வீடா வரணும். ஒவ்வொரு எடத்துலயும் மனசுக்குள்ளயே ஒரு பொம்மைய வெச்சுட்டுப் போறோம். பரிச்சைல திரும்ப நடந்து போய் எடுத்துக்கிட்டே வர்றோம். அம்புட்டுதான்."

"எங்கட தெருவிலயோ? எல்லா வீடும் ஒரே மாதிரியெல்லோ."

அதுதான் முதல் சிக்கல். புதிதாக எழுந்த குடியிருப்பு அது. சாம்பல் நிறச் சுருள் கதவு, கறுப்புக் கூரை, முன்னால் ஒரு குச்சி மரம். ஒரே மாதிரியான இரண்டு இடங்களில் பொம்மைகளை வைத்தால் அவை மனதில் இடம் மாறிவிடும். அதனால் ஒரு பின்னேரம் நடந்து போய், ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கென்று எது இருக்கிறது என்று பார்த்து எழுதினோம். மூன்றாவது வீட்டுக் கூடைப்பந்து வளையம். ஐந்தாவது வீட்டு எலுமிச்சை மரம். ஒன்பதாவது வீட்டு உடைந்த வேலிப் பலகை. அடையாளமே இல்லாத இரண்டு வீடுகளை விட்டுவிட்டோம். பேருந்துத் தரிப்பிடத்தில் தொடங்கி, இடது பக்கமாகப் போய், சுற்றுவட்டத்தில் திரும்பி, மறு பக்கமாக வருவது. எப்போதும் அந்தத் திசைதான், திருப்பி நடக்கக் கூடாது. இருபது வீடுகள். வீட்டுக்கு மூன்று இடங்கள்: தபால்பெட்டி, கார்ப்பாதை, முன்கதவு. மொத்தம் அறுபது. ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது வீட்டுச் சுவரில் மனதுக்குள் ஒரு பெரிய கையை வரைந்து வைத்தோம். அப்படிச் செய்தால் நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

பிறகு பொம்மைகள். நோய் அரும்பும் காலம் என்பது கிருமி உடலுக்குள் போனதிலிருந்து முதல் அறிகுறி தெரியும் வரையிலான காலம். அதற்கு ஒரு கார்ப்பாதையில் மணிக்கூட்டைக் கட்டிப்பிடித்து அடைகாக்கும் கோழி. முட்டை வெடித்ததும் அது தும்மும். ஓரிடத்தை விட்டுப் போகாமல் எப்போதும் இருந்துகொண்டிருக்கும் நோய்க்கு, முன்கதவில் ஊஞ்சலோடு ஒட்டிக்கொண்ட ஒரு கிழவர். கிருமி தங்கியிருக்கும் உயிரற்ற பொருளுக்கு, தொட்டால் கையெல்லாம் ஒட்டும் பச்சைச் சாயம் பூசிய கைப்பிடி. கிருமி உடலில் இருக்கிறது, ஆனால் கேடு செய்யவில்லை என்பதற்கு, வாசற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும் விருந்தாளிகள். எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒட்டும். படம் வெறுமனே இடத்தில் நிற்கக் கூடாது. அந்த இடத்தைப் பிடித்து, உடைத்து, நனைத்து ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

எட்டாவது வீட்டுக் கார்ப்பாதை இருபத்து மூன்றாவது இடம். அங்கே நோய்காவி. தொற்றிய ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குக் கிருமியை எடுத்துச் செல்லும் உயிரினம், பெரும்பாலும் பூச்சி. பொதி கொண்டு வரும் ஆட்களின் சட்டை போட்ட, ஆளுயரக் கொசு ஒன்று. அது நாயிடமிருந்து பொதியை வாங்கி, கார்ப்பாதையைக் காலால் கீறிக்கொண்டு ஓடி, ஒரு குழந்தையிடம் கொடுக்கிறது.

இந்த வழியை மனதில் பதிக்க முதல் வாரம் நாள்தோறும் நடந்தோம். பிறகு ஒரு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் நின்று, தபால்பெட்டியைப் பார்த்து, வாய்க்குள் சொல்லி, கார்ப்பாதையைப் பார்த்து, கதவைப் பார்த்து.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடா செய்யிறியள் றோட்டில? ஆக்கள் பாக்கினம். களவெடுக்க வந்த ஆக்கள் மாதிரி ஒவ்வொரு வீடா நிண்டு நிண்டு போறியள்."

"படிக்கிறம் அம்மா."

"புத்தகம் எங்க?"

"புத்தகம் றோட்டிலதான் ஆன்ட்டி," என்றான் நண்பன்.

"நல்லா இருக்கு உங்கட படிப்பு. பொலிஸ் வந்தால் நான் குசினிக்குள்ள இருப்பன், சொல்லிப்போட்டன்."

பொலிஸ் வரவில்லை. ஆனால் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் ஒரு நாள் எங்கள் இருவரின் படமும் வந்தது. கதவு மணியில் பொருத்திய கமெராவில் எடுத்தது. தலையை மூடிய சட்டைகள், தபால்பெட்டிக்குக் கிட்டக் குனிந்த இரண்டு கறுத்த முகங்கள். 'இவர்களை யாருக்காவது தெரியுமா? மூன்று நாளாக வருகிறார்கள். பொதி திருடர்கள் என்று நினைக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே பதினொரு பேர் தங்கள் கமெராக்களையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போட்டவர் எட்டாவது வீட்டுக்காரர். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் தெருவில் இறங்கவில்லை. அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தோம். அதற்குள் வழி தலைக்குள் வந்துவிட்டிருந்தது.

பரீட்சை தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடம் வரைவுத்தாளில் தெருவை எழுதிக்கொண்டேன். கேள்வியில் சொற்கள் கலைந்து வரும் என்பதால், எந்தப் பொம்மை எத்தனையாவது என்று ஒரு பட்டியல் கையில் இருந்தால் தேட எளிது. பிறகு ஒவ்வொன்றாகப் போய் எடுத்தேன். பல காலமாக நான் எழுதிய பரீட்சைகளில் அதுதான் மகிழ்ச்சியானது. கோழி இருந்த இடத்தில் கோழி இருந்தது. கிழவர் ஊஞ்சலில் இருந்தார்.

இதைத்தான் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் இன்னொரு தாளை எடுத்தார். மேற்பார்வையாளரின் குறிப்பு அது. மாணவர்கள் இருவரும் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, தலையை முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் திருப்பினார்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

"தெருவின் இடது பக்கம், வலது பக்கம்," என்றேன்.

"சரி. இதைப் பாருங்கள்."

இருபத்து மூன்றாவது. நோய்காவி. என் விடையின் கடைசியில், என் கையெழுத்தில், 'நீரைக் கடந்து' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கிருமியை நீரைக் கடந்து எடுத்துச் செல்லும் உயிரினம். அவனுடைய தாளிலும் அதே சொற்கள், அதே இடத்தில்.

"இது எங்கள் குறிப்பிலும் இல்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வகுப்பில் வேறு யாரும் எழுதவில்லை. சரியான விடைகள் ஒத்திருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன். ஒரே தவறு, ஒரே சொல்லில்?"

அது எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. படகு. நாங்கள் பொம்மைகளை வைத்த அன்று எட்டாவது வீட்டுக் கார்ப்பாதை வெறுமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அங்கே இழுவை வண்டியில் ஒரு மீன்பிடிப் படகு வந்து நின்றது. நாங்கள் வைக்காத பொருள், உண்மையான பொருள், கொசுவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பரீட்சையில் அந்த இடத்துக்குப் போனபோது கொசு, பொதி, நாய், படகு எல்லாவற்றையும் சேர்த்து வாரி எழுதிவிட்டேன்.

சொன்னேன். அவர் கணினியில் இணைய வரைபடத்தைத் திறந்து எங்கள் தெருவின் படத்துக்குப் போனார். எட்டாவது வீடு. கார்ப்பாதை வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

"படகைக் காணவில்லையே."

"இது பழைய படம்."

"இருக்கலாம்," என்றார். அவர் இருக்கலாம் என்று சொன்ன விதத்தில் ஒன்றும் இருக்கவில்லை. "அப்படியே இருந்தாலும், இரண்டு பேருடைய மூளையும் ஒரே படகை ஒரே சொல்லாக மாற்றுமா? அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?"

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சரியாக எழுத வேண்டும்.

என் அப்பா இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர். நானும் அம்மாவும் சில வருடம் கழித்து, எல்லாத் தாளும் சரியாக, விமானத்தில் வந்தோம். அந்தப் படகைப் பற்றி அப்பா பேசுவதில்லை. எட்டாவது வீட்டுக்காரரின் படகு வந்த நாளிலிருந்து அம்மா கடைக்குப் போகும்போது மறுபக்கத்தால்தான் நடந்தார். என் தலைக்குள் படகு ஒட்டிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அவன் தலைக்குள் என்ன இருக்கிறது? மதுரையிலிருந்து சிங்கப்பூர் வழியாக, ஜன்னல் ஓர இருக்கையில் வந்தவன். 'நீரைக் கடந்து' என்பது என்னுடைய பிழை. என்னைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பிழை. அப்படியானால் அது அவன் தாளுக்கு எப்படிப் போனது?

"எனக்குப் பின்னால் இருந்தவர்," என்றேன். "ஒரு வரிசை வலப்பக்கமாக. அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது."

மடிக்கணினியில் விசைகள் தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று ரயிலில் அவன் பக்கத்தில்தான் இருந்தான்.

"உன்ட்ட என்னடா கேட்டாங்க?"

"அதேதான். தெரு, படகு."

"எங்கிட்டயும் அதேதான். நீ என்ன சொன்ன?"

"உண்மையைத்தான்."

அவன் தலையை ஆட்டினான். நான் அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் கைப்பேசியை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தான். அதுகூட எனக்கு மறைப்பது போலத் தெரிந்தது. அடுத்த நாட்களில் எல்லாம் அப்படித்தான் தெரிந்தது. அவன் வாயே திறக்காமல் சோறு சாப்பிட்டால், குற்ற உணர்வு. கலகலப்பாகப் பேசினால், நடிப்பு. பழைய பயிற்சித் தாள்களை எடுத்து அவன் விடைகளை என் விடைகளோடு ஒப்பிட்டேன். இரவுச் சாப்பாட்டில் அவனுக்கு முன்னால் இருந்து உண்ணும்போது என் தட்டை நான் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொள்வதைக் கவனித்தேன்.

"உங்களுக்குள்ள என்ன கொழுவல்?" என்று அம்மா கேட்டார். "அந்தப் பொடியன்ர முகத்தப் பார், தண்ணி விடாத செடி மாதிரிக் கிடக்கு."

"ஒண்டுமில்லை அம்மா."

முடிவை எழுதப் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள், பரீட்சைக்கு முன்பே படகு அங்கே இருந்தது என்றாவது நிரூபிக்க வேண்டும். எட்டாவது வீட்டு மணியை அழுத்தியபோது கமெராவின் சிவப்புக் கண் என்னைப் பார்த்தது. கதவு ஒரு சாண் திறந்தது. வயதானவர், கையில் தூண்டில் சுருளும் எண்ணெய்த் துணியும்.

"யெஸ்?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "நீயா? ஒன் கூட்டாளி எங்க?"

தமிழ். மலேசியத் தமிழ்.

"அங்கிள், நீங்கள் தமிழோ?"

"ஈப்போ. நீ ஏன் எங்க வூட்டு போஸ்ட் பாக்ஸ மூணு நாளா பாத்த? அத மொதல்ல சொல்லு."

சொன்னேன். நின்ற இடத்திலேயே, கொசுவையும் கோழியையும் கிழவரையும் சொல்லி முடிக்கும் வரை அவர் கதவின் பிடியை விடவில்லை.

"நாங் காதால கேட்டேன் தம்பி. கமெராவுல சத்தமும் வரும். 'பார்சல வாங்கிட்டு ஓடுது'ன்னு நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. நா என்ன நெனைக்கிறது? கொசுன்னா நெனைப்பேன்? திருட்டுப் பயலுக்குக் கொசுன்னு பேரு வெச்சிருக்கானுங்க போலன்னு நெனச்சேன் லா."

"அந்த வீடியோ இருக்கோ அங்கிள்?"

"இருக்காம எப்படி? போலிஸுக்குக் குடுக்கணும்னு எடுத்து வெச்சேன். ஒரு மாசத்துல தானா அழிஞ்சிரும். இத மட்டும் தனியா சேத்து வெச்சிருக்கேன்."

எங்களைச் சந்தேகித்ததால்தான் அது மிஞ்சியிருந்தது. அவர் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினார்.

தேதியும் நேரமும் மூலையில் இருந்தன. பரீட்சைக்குப் பதினாறு நாள் முன்னால். கார்ப்பாதையில் படகு நிற்கிறது, வெள்ளை, நீலக் கோடு. நானும் அவனும் அதன் முன்னால். நான் நோய்காவியைச் சொல்கிறேன்: உயிரினம், எடுத்துச் செல்லும், தொற்றிய உயிரிலிருந்து. அவன் என் தோளில் தட்டுகிறான்.

"டேய், இந்த போட்ட என்ன பண்றது? எடத்த அடச்சுக்கிட்டு நிக்கிதே."

"விடு, பாக்காத."

"பாக்காம எப்படிடா? சரி, கொசுவ அதுல ஏத்தி விட்ருவோம். கொசுவுக்கு ஏதுடா விசா? அதான் தண்ணியத் தாண்டி போட்ல வருது."

அதற்கு நான் சிரிக்கிறேன். மெல்லிய சிரிப்பு இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, கமெராவுக்கு நேரே சிரிக்கிறேன்.

"திரும்பப் போடுங்கோ அங்கிள்," என்றேன்.

அவர் போட்டார். நான் மறுபடியும் சிரித்தேன். அறுபது வரைவிலக்கணங்களை இடம் பிசகாமல் வைத்திருந்த தலையில் அந்தச் சிரிப்பு இல்லவே இல்லை. 'தண்ணியத் தாண்டி' அவன் சொன்னது. அவன் வைத்த படகைத்தான் நான் எடுத்து எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதியவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமென்றால் அது அவன் இல்லை.

இரண்டாவது விசாரணைக்கு எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். எட்டாவது வீட்டு அங்கிளும் வந்தார், கழுத்துப்பட்டியோடு, காணொளி தன் கமெராவில் எடுத்ததுதான் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு. ஒருங்கிணைப்பாளர் அதை வாசித்தார். ஆனால் மொழிபெயர்ப்பை எங்களிடமோ எங்கள் அயலவரிடமோ கேட்க முடியாது என்றார். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். முகம் தெரியாத ஒரு பெண் குரல், காணொளியை இரண்டு முறை கேட்டுவிட்டு, உணர்ச்சியில்லாத ஆங்கிலத்தில் சொன்னது: "முதல் பேச்சாளர் படகைப் பற்றிக் கேட்கிறார். இரண்டாவது பேச்சாளர் பார்க்க வேண்டாம் என்கிறார். முதல் பேச்சாளர், கொசுவுக்கு விசா இல்லை, ஆகவே அது நீரைக் கடந்து படகில் வருகிறது என்கிறார். இரண்டாவது பேச்சாளர் சிரிக்கிறார்."

அங்கிள் தொண்டையைச் செருமினார். அந்த அறையில் அம்மா இல்லாததற்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் தன் கோப்பைப் புரட்டினார். "பதிவுக்காக, முந்தைய கூட்டத்தில் நீங்கள் இருவரும் சொன்னதை வாசிக்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." முதலில் அவன் சொன்னதை வாசித்தார். "கேள்வி: உங்கள் நண்பர் உங்கள் தாளைப் பார்த்திருக்க முடியுமா, அல்லது நீங்கள் அவருடையதை? பதில்: தேவையில்லை. எங்களுக்கு ஒரே தெரு."

பிறகு என்னுடையது. எனக்குப் பின்னால் இருந்தவர். ஒரு வரிசை வலப்பக்கமாக. அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"மாற்றம் ஏதும் உண்டா?"

"உண்டு," என்றேன். "அவர் பார்க்கவில்லை. அவர் சொன்னதைத்தான் நான் எழுதினேன்."

குறிப்பெடுக்கும் பெண் அதையும் தட்டச்சு செய்தார். முன்னால் எழுதியதை அழிக்கவில்லை. கீழே சேர்த்தார்.

ரயிலில் அவன் எதிர் இருக்கையில் இருந்தான். ரயில் லாவர்ட்டன் நிலையத்தைத் தாண்டியது. பிறகு, "ஒங்கப்பா போட்ல வந்தாருன்னு நீ சொன்னதே இல்லையேடா," என்றான். அங்கிள் வெளியே காத்திருந்தபோது அவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"சொல்லியிருந்தா அந்த ஜோக்க அடிச்சிருக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியும்."

"நீ சிரிச்ச. அதான் நல்லா இருக்குன்னு நெனச்சேன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான் போல."

"பின்னால ஒரு வரிசை வலப்பக்கம்," என்றான். என் குரலில், என் இலங்கைத் தமிழில் அதைச் சொல்லிப் பார்த்தான். கிண்டலாகத்தான் தொடங்கினான், முடியும்போது கிண்டல் இல்லை. "அம்புட்டு தூரத்துல ஒன் கோழிக் கிறுக்கல் எவனுக்குடா தெரியும்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்தபடி பரவாயில்லை என்றான்.

மாத முடிவில் அவன் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். நடக்கிற நேரம் மிச்சம் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா ஐஸ்கிறீம் வாளியில் இறைச்சிக் கறி கட்டிக் கொடுத்தார். "வாளியத் திருப்பித் தரவேண்டாம் தம்பி, நீ திரும்பி வா," என்றார். பயிற்சிக்கு எங்களை வேறு வேறு மருத்துவமனைகளில் போட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை, தற்செயல்தான். தற்செயல் என்று இப்போது உண்மையாகவே நம்ப முயல்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு எனக்கு வேறு ஒரு வழி தேவைப்பட்டது, ஒரு முறை நிரப்பிய தெருவில் உடனே புதியதை வைத்தால் பழைய பொம்மைகள் குறுக்கே வரும் என்பதால். முதியோர் இல்லத்தின் தாழ்வாரத்தை, சலவை அறையிலிருந்து தொடங்கி, எடுத்துக்கொண்டேன். அதைத் தனியாகத்தான் கட்டினேன். பொருள்கள் இடம் மாறுகின்றனவா என்று வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

முடிவுக் கடிதம் பயிற்சி தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் வந்திருந்தது. பார்த்து எழுதியதற்கு ஆதாரம் இல்லை, இருவரின் மதிப்பெண்களும் விடுவிக்கப்படுகின்றன, வரைவிலக்கணத்தில் இல்லாத அம்சம் ஒன்றைச் சேர்த்ததற்கான மதிப்பெண் கழிவு மட்டும் நிற்கும். இருபத்து மூன்றாவது விடைக்கு மொத்தம் இரண்டு மதிப்பெண். 'நீரைக் கடந்து' என்பதற்காக எனக்கு ஒன்று குறைந்தது, அவனுக்கு ஒன்று குறைந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து, இரண்டு.